கையில் ஒரு ஆஃபர், மனதில் இன்னொன்று

இரண்டு நிறுவனங்களில் நேர்காணல் நடக்கிறது. உங்களுக்குப் பிடித்தது ஒன்று, முதலில் ஆஃபர் கடிதம் அனுப்பியது மற்றொன்று. வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்குள் சம்மதம் தெரிவிக்க வேண்டும் என்று கடிதத்தில் இருக்கிறது. பிடித்த நிறுவனத்திலோ இன்னும் இரண்டு சுற்று பாக்கி. அங்கிருக்கும் ரெக்ரூட்டரிடம் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். சொன்னால் மிரட்டுவதுபோல் ஆகிவிடுமோ என்று தயங்கி, பலர் வியாழக்கிழமை ராத்திரி வரை வாய் திறப்பதில்லை. அதன்பிறகு பதற்றத்தில் அனுப்பும் நான்கு வரி வாட்ஸ்அப் செய்தி, எந்தத் தொனி வந்துவிடக்கூடாது என்று பயந்தார்களோ அதே தொனியில் போய்ச் சேர்கிறது.

சென்னை ஐ.டி. வேலைச் சந்தையில் அடிக்கடி நேர்கிற சங்கடம் இது. இதற்கு வழி கண்டுபிடிக்க, முதலில் எதிர்முனையில் இருப்பவரின் நிலையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் ஊர் மென்பொருள் நிறுவனங்களில் நோட்டீஸ் பீரியட் என்பது பெரும்பாலும் 60 நாள், 90 நாள். அதாவது இன்று ஒருவர் ஆஃபரை ஏற்றுக்கொண்டாலும் மூன்று மாதம் கழித்துத்தான் வந்து சேருவார். அந்த மூன்று மாதமும் அவர் சந்தையில்தான் இருக்கிறார். கையில் இருக்கும் கடிதத்தைக் காட்டி இன்னொரு இடத்தில் கூட்டிக் கேட்கலாம், அதைக் காட்டி மூன்றாவது இடத்தில் கேட்கலாம். இதற்கு ரெக்ரூட்டர்கள் ‘ஆஃபர் ஷாப்பிங்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சேரும் நாளன்று காலையில் போனை அணைத்து வைத்துவிட்டு வராமலே போனவர்களைச் சந்திக்காத ரெக்ரூட்டர் அநேகமாக இல்லை. அப்படி ஒவ்வொருவர் வராமல் போகும்போதும், டீம் மேனேஜரிடம் பதில் சொல்ல வேண்டியவர் அந்த ரெக்ரூட்டர்தான். ‘எனக்கு வேற ஆஃபர் இருக்கு’ என்ற வாக்கியத்தைக் கேட்டதும் அவர் குரல் இறுகுவதற்குக் காரணம் இந்த அனுபவம். உங்கள்மேல் அவருக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். உங்களை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்பவர் ரெக்ரூட்டர் அல்ல. அவர் உங்கள் விஷயத்தை உள்ளே எடுத்துச் செல்பவர். நேர்காணல் செய்தவர்களிடமிருந்து கருத்தை எழுதி வாங்க வேண்டும், மேனேஜரின் காலண்டரில் இடம் பிடிக்க வேண்டும், சம்பளத்துக்கு மேலிடத்தின் ஒப்புதல் வாங்க வேண்டும். இத்தனை பேரிடமும் அவர் போய், ‘இதைச் சீக்கிரம் முடியுங்கள்’ என்று கேட்க ஒரு காரணம் தேவை. உங்கள் கெடு அந்தக் காரணமாக அமையலாம். அவர் கையில் எடுத்துச் செல்லக்கூடிய வடிவில் அதைக் கொடுப்பதுதான் உங்கள் வேலை.

பேச்சுவார்த்தைக் கலை பற்றி எழுதிய அமெரிக்கரான வில்லியம் யூரி, 1991இல் வந்த தன் நூலில் மிரட்டலையும் எச்சரிக்கையையும் பிரித்துக் காட்டுகிறார். நீ இணங்காவிட்டால் உன்னை என்ன செய்வேன் என்று சொல்வது மிரட்டல். உடன்பாடு இல்லாவிட்டால் நிலைமை என்ன ஆகும் என்று விளக்குவது எச்சரிக்கை. ‘வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் வெயிட் பண்ணுவேன்’ என்று சொன்னால் கெடு வைத்தவர் நீங்கள் ஆகிவிடுகிறீர்கள். ‘வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்னு அவங்க கேட்டிருக்காங்க’ என்றால் கெடு அது பிறந்த இடத்திலேயே இருக்கிறது. நீங்களும் ரெக்ரூட்டரும் ஒரு பக்கம் நின்று அந்தத் தேதியைப் பார்க்கிறீர்கள். இதில் தந்திரம் எதுவும் இல்லை, நடந்தது நடந்தபடியே சொல்லப்படுகிறது. அந்தத் தேதியை வைத்தது உண்மையிலேயே மூன்றாம் தரப்புதானே.

ஒரு சூழலை எடுத்துக்கொண்டு நாள்வாரியாகப் பார்ப்போம். ஐந்து வருட அனுபவமுள்ள ஒரு பெண் பொறியாளர். இப்போதைய ஆண்டுச் சம்பளம் 11 லட்சம், நோட்டீஸ் 60 நாள். திங்கள் காலை 11 மணிக்கு முதல் நிறுவனத்தின் கடிதம் மெயிலில் வருகிறது: 16 லட்சம், அதில் ஒன்றரை லட்சம் வேரியபிள். சம்மதம் சொல்லக் கெடு வெள்ளி மாலை 6 மணி. அவர் மனம் இருப்பது இரண்டாவது நிறுவனத்தில். அங்கே போன வாரம் டெக்னிக்கல் சுற்று இரண்டு முடிந்துவிட்டன. மேனேஜர் சுற்றும் எச்.ஆர். சுற்றும் மிச்சம், தேதி எதுவும் சொல்லப்படவில்லை.

அவர் முதலில் யாரை அழைக்க வேண்டும்? முதல் நிறுவனத்தை அழைத்து அவகாசம் கேட்கத்தான் கை போகும். அது அவசரம் என்பேன். கெடுவை நீட்டித் தரச் சொல்லி ஒரு நிறுவனத்திடம் மரியாதையாக ஒருமுறை கேட்கலாம். இரண்டாம் முறை கேட்டால் தட்டிக்கழிக்கிறார் என்று நினைத்துவிடுவார்கள். அந்த ஒருமுறையைப் பயன்படுத்தும்போது எத்தனை நாள் தேவை என்பது தெரிந்திருக்க வேண்டும், அதைச் சொல்லக்கூடியது இரண்டாவது நிறுவனம் மட்டுமே. அதனால் முதல் நிறுவனத்துக்கு ‘கடிதம் கிடைத்தது, நன்றி, படித்துவிட்டு இந்த வாரத்துக்குள் பேசுகிறேன்’ என்று ஒரு வரி மெயில் போட்டுவிட்டு, அன்று பிற்பகலே இரண்டாவது நிறுவனத்தின் ரெக்ரூட்டரைப் போனில் அழைக்க வேண்டும்.

போனில் அழைப்பதற்குக் காரணம் உண்டு. எழுத்தில் தொனி தெரியாது, படிப்பவர் தன் அன்றைய மனநிலையை அதில் ஏற்றிக்கொள்வார். குரலில் உங்கள் ஆர்வம் கேட்கும். பேச்சு இப்படிப் போகலாம்:

“மேம், ரெண்டு நிமிஷம் பேசலாமா? உங்க டீம்ல சேரணும்னு எனக்கு ரொம்ப விருப்பம். அதனாலதான் தள்ளிப் போடாம இப்பவே சொல்லிடறேன். இன்னைக்குக் காலையில வேற ஒரு கம்பெனியிலிருந்து ஆஃபர் லெட்டர் வந்திருக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள்ள பதில் கேட்டிருக்காங்க. அதுக்குள்ள உங்க பக்கம் மிச்சமிருக்குற ரவுண்டை முடிச்சு, லெட்டர் வரைக்கும் வர முடியுமா? நாளைக்கும் புதன்கிழமையும் நான் எந்த நேரம்னாலும் வருவேன். வெள்ளிக்கிழமைக்குள்ள கஷ்டம்னா, எந்தத் தேதி சரிப்படும்னு சொன்னீங்கன்னா அவங்ககிட்ட டைம் கேட்டுப் பார்க்கறேன்.”

இதில் ஐந்து விஷயங்கள் இருக்கின்றன, வரிசையும் முக்கியம். விருப்பம் முதலில் வருகிறது. ‘ஆஃபர் இருக்கு’ என்ற செய்தி அதற்குப் பிறகு வருவதால், அது ‘போய்விடுவேன்’ என்று கேட்காமல், ‘போகாமல் இருக்க வழி தேடுகிறேன்’ என்று கேட்கிறது. அடுத்து கெடு, நாளும் நேரமுமாக. ‘சீக்கிரம் சொல்லணும்’, ‘இந்த வாரக் கடைசிக்குள்ள’ என்றெல்லாம் மங்கலாகச் சொன்னால், அப்படி ஒரு கடிதம் இருக்கிறதா என்ற சந்தேகம்தான் வரும். மூன்றாவதாக, குறிப்பான ஒரு வேண்டுகோள். நான்காவதாக, தன் பக்கத்திலிருந்து அவர் கொடுப்பது: எந்த நேரமும் வரத் தயார். கடைசியாக, முடியாது என்று சொல்லவும் ரெக்ரூட்டருக்கு ஒரு வாசல். இந்த ஐந்தாவது விஷயத்தைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். ‘முடியாது’ என்று சொல்ல எதிராளிக்கு வழியே இல்லாமல் பேசும்போது, எவ்வளவு பணிவாகப் பேசினாலும் அது நெருக்குதலாகத்தான் இருக்கும்.

வேண்டுகோளில் ‘லெட்டர் வரைக்கும்’ என்ற சொற்களையும் கவனியுங்கள். நேர்காணல் சுற்றுகளை ஒரே நாளில்கூட அடுத்தடுத்து வைத்துவிடலாம். ஆனால் அதற்குப் பிறகு சம்பள ஒப்புதல் என்றொரு படி இருக்கிறது. அது ரெக்ரூட்டர் கையிலும் இல்லை, மேனேஜர் கையிலும் இல்லை. கையெழுத்துப் போட வேண்டியவர் விடுமுறையில் இருந்தால் அதற்கே இரண்டு மூன்று நாள் போய்விடும். வியாழக்கிழமை எல்லாச் சுற்றும் முடிந்து, ‘நீங்க செலக்ட் ஆயிட்டீங்க’ என்ற வாய்ச்சொல்லோடு வெள்ளி மாலை ஆறு மணியைச் சந்திக்க நேர்பவர்கள் உண்டு. முதல் அழைப்பிலேயே கடிதத்தைப் பற்றிக் கேட்டுவிட்டால், ஒப்புதல் வேலையை நேர்காணலுக்கு இணையாகவே தொடங்க ரெக்ரூட்டருக்கு ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது.

அழைப்பு முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் மெயில் போக வேண்டும். இது ரெக்ரூட்டருக்கு எழுதுவது என்றாலும், அவர் இதை அப்படியே மேனேஜருக்கு அனுப்பக்கூடும் என்பதை மனதில் வைத்து எழுத வேண்டும். வழக்கமாக ஆங்கிலத்தில்தான் எழுதுவார்கள். சாரம் இவ்வளவுதான்:

“இன்று போனில் பேசியதற்கு நன்றி. போன வாரம் உங்கள் குழுவினருடன் பேசியபிறகு இந்த வேலையில் சேர வேண்டும் என்ற என் ஆர்வம் கூடியிருக்கிறது. சொன்னதுபோல, வேறொரு நிறுவனத்தின் எழுத்துபூர்வமான ஆஃபர் வந்துள்ளது. வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்குள் பதில் தர வேண்டும். அதற்குள் மீதிச் சுற்றுகளையும் உங்கள் முடிவையும் எதிர்பார்க்கலாமா? செவ்வாய், புதன் இரு நாளும் எந்த நேரத்திலும் கலந்துகொள்வேன். இந்தத் தேதி கடினம் என்றால், சாத்தியமான தேதியைத் தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.”

தொகை இல்லை, நிறுவனத்தின் பெயர் இல்லை, ‘இல்லாவிட்டால்’ என்று தொடங்கும் வாக்கியம் இல்லை. ‘இல்லாவிட்டால் என்ன ஆகும்’ என்பது ரெக்ரூட்டருக்குத் தெரியும். தெரிந்ததை எழுத்தில் வைக்கும்போதுதான் அது உரசுகிறது.

போனிலேயே ரெக்ரூட்டர் சில கேள்விகளைக் கேட்பார். ‘எந்தக் கம்பெனி?’ என்பது முதல் கேள்வியாக இருக்கும். “பேரைச் சொல்றது சரியா இருக்காது மேம், அவங்க லெட்டரை வெளியில காட்டக்கூடாதுன்னு போட்டிருக்காங்க” என்று உண்மை இருந்தால் சொல்லலாம். பெயர் தெரியாததால் யாரும் நேர்காணலை நிறுத்துவதில்லை. நடுவில் கன்சல்டன்சி இருந்தால் பெயரைச் சொல்லாமல் இருப்பது இன்னும் நல்லது, ஏன் என்று பிறகு வருகிறேன். அடுத்த கேள்வி, ‘எவ்வளவு குடுக்கறாங்க?’ இங்கேதான் பேச்சு தடம் மாறும்.

கெடுவையும் சம்பளத்தையும் ஒரே மூச்சில் பேசுவதுதான் மிரட்டல் தொனி உருவாகும் முக்கியமான இடம் என்பது என் உறுதியான எண்ணம். ‘வெள்ளிக்கிழமைக்குள்ள’ என்பது ஒரு தகவல். ‘16 லட்சம் தர்றாங்க’ என்பதும் ஒரு தகவல். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் ‘வெள்ளிக்கிழமைக்குள் 16க்கு மேல் கொடு’ என்று கேட்கிறது. ஆஃபர் ஷாப்பிங்கைக் கண்டு நொந்துபோன காதில் அது வேறு எப்படியும் கேட்காது. கேள்வி வந்தால் பதிலை மறைக்க வேண்டியதில்லை. “அவங்க ஃபிக்ஸட் பதினாலரை, வேரியபிள் ஒன்றரை சொல்லியிருக்காங்க மேம். ஆனா இப்ப நான் கூப்பிட்டது தேதிக்காகத்தான். சம்பளத்தை எச்.ஆர். ரவுண்ட்ல பேசிக்கலாம்” என்றால் போதும். வேரியபிளைப் பிரித்துச் சொல்வது முக்கியம், ஏனென்றால் மொத்தத் தொகையை மட்டும் சொன்னால் அதை வைத்துத்தான் ஒப்பிடுவார்கள். சொல்ல விருப்பமில்லை என்றால், தன் எதிர்பார்ப்பு என்ன என்பதை மட்டும் சொல்லலாம், அதுவும் பலர் ஏற்கும் பதில்தான். சம்பளம் உண்மையிலேயே முக்கியம் என்றால் அதைப் பேசாமல் விடச் சொல்லவில்லை. அவர்கள் உங்களை எடுப்பதென்று முடிவு செய்தபிறகு, அதற்கென்று இருக்கும் உரையாடலில் பேசுங்கள். அப்போது உங்கள் சொல்லுக்கு எடையும் கூடியிருக்கும்.

நம் பொறியாளரிடம் திரும்புவோம். செவ்வாய் காலை ரெக்ரூட்டர் அழைக்கிறார். மேனேஜர் சுற்று புதன் மாலை, எச்.ஆர். சுற்று வியாழன். தேர்வானால் கடிதம் வர அடுத்த செவ்வாய் ஆகும், ஒப்புதல் தருபவர் திங்கள்கிழமைதான் ஊரில் இருப்பார். இது நல்ல பதில். தேதிகளோடு வரும் பதில் எப்போதும் நல்ல அறிகுறி, தேதி தள்ளி இருந்தாலும்கூட.

இப்போதுதான் முதல் நிறுவனத்திடம் போக வேண்டும். எத்தனை நாள் தேவை என்பது தெரிந்துவிட்டது. “ஆஃபருக்கு ரொம்ப நன்றி சார். இன்னொரு இடத்துல ஒரு ப்ராசஸ் கடைசிக் கட்டத்துல இருக்கு, அடுத்த செவ்வாய்க்குள்ள முடிஞ்சிடும். ஏத்துக்கிட்டு அப்புறம் பின்வாங்கறதைவிட, முழு மனசோட பதில் சொல்லணும்னு பார்க்கறேன். புதன்கிழமை மதியம் வரைக்கும் டைம் கிடைக்குமா?” இங்கே வீட்டில் உடம்பு சரியில்லை, அப்பாவிடம் கேட்க வேண்டும் என்று காரணம் சொல்லச் சிலர் யோசனை சொல்வார்கள். வேண்டாம். அந்த ரெக்ரூட்டருக்கும் இதெல்லாம் பழகிய கதை. பின்வாங்குவதைத் தவிர்க்க நினைக்கிறேன் என்ற காரணம் அவருக்கே பயன்படுவது, அதனால்தான் காதில் விழுகிறது.

முதல் நிறுவனம் புதன்கிழமைக்கு ஒப்பவில்லை, திங்கள் மதியம் 12 மணி வரை என்கிறது. இந்த அவகாசத்தை மெயிலில் உறுதிசெய்து வாங்கிக்கொள்வது அவசியம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, ஏற்பதற்குக் குறித்த காலம் கடந்தால் முன்மொழிவு தானாகவே காலாவதியாகிவிடும். அதுமட்டுமன்றி, நீங்கள் ஏற்கும்வரை அதைத் திரும்பப் பெறவும் முன்மொழிந்தவருக்குப் பொதுவாக உரிமை உண்டு. போனில் ‘பரவாயில்லை, எடுத்துக்கோங்க’ என்று சொன்னதை நம்பியிருந்தால், அவர் விடுப்பில் போன நாளில் கடிதத்தில் இருக்கும் பழைய தேதிதான் செல்லும்.

கெடு மாறியதை அன்றே இரண்டாவது நிறுவனத்துக்கும் சொல்லிவிட வேண்டும். “திங்கள் மதியம் 12 மணி வரைக்கும் டைம் குடுத்திருக்காங்க மேம்” என்ற ஒரு வரி போதும். கெடு நகர்ந்தது என்ற செய்தி அவருக்கு வேலை செய்ய இடம் கொடுக்கிறது. இவர் சொன்னது உண்மையான தேதிகள்தான் என்பதும் இதில் தெரிந்துவிடுகிறது.

புதனும் வியாழனும் நன்றாகப் போகின்றன. திங்கள் காலை பத்தரை மணிக்கு ரெக்ரூட்டர் அழைக்கிறார்: “நீங்க செலக்டட். ஃபிக்ஸட் பதினஞ்சு. லெட்டர் நாளைக்கு வந்துடும், நம்பி அவங்களுக்கு நோ சொல்லிடுங்க.” கெடுவுக்கு ஒன்றரை மணி நேரம் இருக்கிறது.

வாய்ச்சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு கையில் இருக்கும் கடிதத்தை விடக்கூடாது. இதை ரெக்ரூட்டரிடம் சொல்வதில் அவமரியாதை எதுவும் இல்லை. “சந்தோஷம் மேம். லெட்டர் நாளைக்கே வரட்டும். பதவி, ஃபிக்ஸட் தொகை, சேரும் தேதி இந்த மூணையும் உங்க ஆபீஸ் மெயில்லேர்ந்து ஒரு வரி அனுப்பிட்டீங்கன்னா, பன்னிரண்டு மணிக்குள்ள அவங்களுக்குப் பதில் சொல்லிடுவேன்.” அனுப்ப முடிந்தவர் பத்து நிமிடத்தில் அனுப்பிவிடுவார். ஒப்புதல் இன்னும் கிடைக்காதவர் சுற்றி வளைப்பார். அந்த வித்தியாசத்திலேயே நிலைமை புரிந்துவிடும்.

மெயில் வந்தாலும் அது ஆஃபர் கடிதத்துக்குச் சமம் இல்லை. சில நிறுவனங்கள் ‘லெட்டர் ஆஃப் இன்டென்ட்’ என்று முறையாகவே ஒன்றை அனுப்புகின்றன, அதுவும் விருப்பத்தைத் தெரிவிக்கும் கடிதம்தான். 2022இல் ஐ.டி. துறையில் ஆஃபர் கடிதமே வாங்கிய புதியவர்கள் சேரும் தேதி வராமல் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். ஆகவே முழு உத்தரவாதம் எங்கும் கிடையாது. ஆனால் இந்தப் பெண் இன்னும் பேப்பர் போடவில்லை. இப்போதைய வேலை பத்திரமாக இருக்கிறது. அவர் பணயம் வைப்பது முதல் ஆஃபரை மட்டும்தான். பிடித்த வேலைக்காக அந்த அளவு பணயம் தாங்கக்கூடியது என்று நான் நினைக்கிறேன். ஏற்கெனவே பேப்பர் போட்டு, கடைசி வேலைநாள் நெருங்கிவிட்டவராக இருந்தால் என் பதில் வேறாக இருக்கும்: கையில் உள்ள கடிதத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

எல்லாக் கதையும் இப்படித் தேதிகளோடு நகராது. பதிலே வராமல் போவதுதான் அதிகம் வதைப்பது. ‘ப்ராசஸ் போயிட்டிருக்கு’, ‘இன்டர்னலா டிஸ்கஸ் பண்ணிட்டிருக்காங்க’ என்று தேதி இல்லாத பதில் இரண்டு நாள் தொடர்ந்து வந்தால், பெரும்பாலும் நீங்கள் அவர்கள் வரிசையில் இரண்டாவதாக இருக்கிறீர்கள் என்று பொருள். முதலிடத்தில் இருப்பவருக்கு ஆஃபர் போயிருக்கும், அவர் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள். உங்களை வேண்டாம் என்றும் சொல்ல முடியாது, வேண்டும் என்றும் சொல்ல முடியாது. இந்த நிலையில் எத்தனை நல்ல வாக்கியம் எழுதினாலும் வேகம் கூடாது. கெடுவுக்கு முந்தைய நாள் காலையில் ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்பலாம்: ‘நாளை மாலைக்குள் பதில் தர வேண்டியிருக்கிறது, ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள்.’ அதற்கும் பதில் இல்லையென்றால் கையில் இருப்பதை ஏற்றுக்கொண்டு, இவர்களுக்கு நன்றி சொல்லி முடித்துக்கொள்வதுதான் சரி. வெளிப்படையாக ‘எங்களால் அதற்குள் முடியாது, நீங்கள் அதை எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லும் ரெக்ரூட்டர்களும் உண்டு. அவர்கள் உங்களுக்கு உதவிதான் செய்கிறார்கள்.

நிறுவனத்தின் ரெக்ரூட்டருக்குப் பதிலாக கன்சல்டன்சி வழியாக வந்த வாய்ப்பு என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். கன்சல்டன்சிக்கான கட்டணம் நம் நாட்டில் வழக்கமாக உங்கள் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம் என்று வைத்துப் பேசுவார்கள். பெரும்பாலும் நீங்கள் போய்ச் சேர்ந்தால்தான் அந்தப் பணம். அதனால் கெடுவை அவரிடம் சொன்னால் வேகமாக வேலை செய்வார், அது நல்லது. ஆனால் மற்ற ஆஃபரைப் பற்றி அவர் சொல்லும் குறைகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கெல்லாம் நேர்காணல் போகிறீர்கள் என்று அவர் கேட்பதற்கும் தொழில் காரணம் இருக்கலாம்: அந்த நிறுவனத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தால் அங்கே வேறு ஆட்களை அனுப்பிப் பார்க்கலாமே. கெடுவின் தேதியைச் சொல்லுங்கள், பெயர் வேண்டாம்.

இல்லாத ஆஃபரை இருப்பதாகச் சொல்வது பற்றியும் ஒரு வார்த்தை. நண்பர்கள் இதைத் தைரியமாகச் சிபாரிசு செய்வார்கள். ரெக்ரூட்டர் சொல்லக்கூடிய மிக எளிய பதில், ‘வாழ்த்துகள், அதை எடுத்துக்கோங்க’ என்பது. அல்லது கடிதத்தின் நகலைக் கேட்பார், நம் ஊரில் அது சர்வசாதாரணம். உண்மையான கடிதம் இருந்தால் நிறுவனத்தின் பெயரை மறைத்து, தேதியும் தொகையும் உள்ள பகுதியைக் காட்டலாம். இல்லாதவர் என்ன காட்டுவார்? போலி ஆவணம் தயாரித்தவர் சேர்ந்தபிறகு தெரியவந்தாலும் வேலை போகும். அப்படி எதுவும் கேட்கப்படவில்லை என்றாலும், நீங்கள் சொன்ன வெள்ளிக்கிழமை கடந்து திங்கட்கிழமையும் நீங்கள் காத்துக்கொண்டிருந்தால், உங்கள் பேச்சுக்கு அதன்பிறகு மதிப்பு இருக்காது.

உண்மையான ஆஃபராக இருந்தாலும் சொல்லிப் பயனில்லாத இடங்கள் உண்டு. முதல் போன் பேச்சு மட்டுமே நடந்திருக்கும்போது கெடுவைச் சொன்னால், உங்களை இன்னும் அறியாத நிறுவனம் வரிசையிலிருந்து எடுத்துவிடும். குறைந்தது ஒரு டெக்னிக்கல் சுற்றாவது தாண்டியிருக்க வேண்டும். அரசுத் துறை, பொதுத்துறை நிறுவனத் தேர்வுகளில் தேதி எல்லோருக்கும் ஒன்றுதான், ஒருவருக்காக நகராது.

கடிதம் வந்தால், முதலில் சம்மதம் சொல்ல வேண்டிய தேதியைத் தேடிப் பாருங்கள். அன்றே மற்ற இடத்துக்குப் போன் செய்யுங்கள். முடிவெடுத்தபின், மறுக்கும் நிறுவனத்துக்கும் அதே நாளில் போனில் சொல்லிவிடுங்கள். அங்கே வரிசையில் இரண்டாவதாக நிற்கும் யாரோ ஒருவர் உங்கள் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது.